ஹெலன் அப்ரூவல் தராத வியாழக்கிழமை

ஹெலன் எங்கள் கம்பெனியில் சேர்ந்து ஐந்தரை மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் முடிந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்கு. அதைத் தீர்மானிப்பது மேனேஜர் வீரராகவன் சாரும், கூட வேலை செய்கிற சீனியர் ஒருவர் நிரப்பித் தரும் ஒரு பக்கப் படிவமும். அந்த சீனியர் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் நான் அவ்வளவு நல்லவன் இல்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு எலெக்ட்ரிக் பேனல் பட்டறைக்கு மேல் மாடியில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து சாஃப்ட்வேர் எழுதுகிறோம். சுற்றியிருக்கிற ஆலைகளில் சூடு எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, வாயு கசிகிறதா என்று பார்த்து எச்சரிக்கிற சாஃப்ட்வேர். ஒருவர் எழுதிய மாற்றத்தை இன்னொருவர் படித்துப் பார்த்து, சரி என்று அப்ரூவல் கொடுத்தால்தான் அது ஆலைக்குப் போகும். சட்டம் அப்படி. நடைமுறை வேறு. நாலு மணிக்கு டீ வரும். ஒரு கையில் டம்ளர், இன்னொரு கையில் மவுஸ். நீ என்னுடையதைத் தட்டு, நான் உன்னுடையதைத் தட்டுகிறேன். ஐந்தரைக்குக் கம்பெனி பஸ். மொய் வைப்பது மாதிரிதான். வைத்தவருக்குத் திருப்பி வைக்க வேண்டும்.

அந்த மொய்க் கணக்கில் ஹெலன் சேரவே இல்லை. மீஞ்சூரிலிருந்து மின்சார ரயிலில் வருவாள். அப்பா சின்னதுரை, இரும்பைக் காய்ச்சிக் கம்பி உருட்டுகிற ஒரு ரோலிங் மில்லில் காண்ட்ராக்ட் ஆள். அந்த வீட்டில் கம்ப்யூட்டர் படித்த முதல் ஆள் இவள்தான். யாராவது மாற்றம் அனுப்பினால், மானிட்டருக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற ஒரு அட்டையைத் திருப்பி வைத்துக்கொள்வாள். ஏதோ கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம். பால்பாயிண்ட் பேனாவில் ஆறே வரி. நான் அதற்கு "பத்துக் கட்டளை, நாலு தள்ளுபடி" என்று பெயர் வைத்திருந்தேன். அவளும் சிரிப்பாள், ஆனால் அட்டையை எடுக்க மாட்டாள்.

அந்த ஆறு வரியும் புத்தகத்தில் பார்த்து எழுதியவை இல்லை. ஒவ்வொன்றும் அவள் பட்ட அடி. "என் மெஷினில் ஓட்டிப் பார்த்தேனா?" என்ற வரி, சேர்ந்த முதல் வாரத்தில் அவள் அப்ரூவல் கொடுத்த மாற்றம் திறக்கவே திறக்காமல் போனதிலிருந்து வந்தது. எழுதியவர் ஒரு ஃபைலைச் சேர்க்க மறந்திருந்தார். இவள் படித்தாள், ஓட்டவில்லை. "புரியாததை வெட்கப்பட்டு விட்டுவிட்டேனா?" என்பது இரண்டாம் மாதத்தது. "இந்த மாற்றம் எதற்கு என்று ஒரே வரியில் என்னால் சொல்ல முடிகிறதா?" என்பதுதான் உச்சியில். அதற்குப் பதில் கிடைக்கும் வரை மற்ற வரிகளுக்குப் போகவே மாட்டாள்.

எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும் நடுவில் இருந்த ஒரு வரிதான்: "சிவப்பை முதலில் படி." திரையில் புதிதாகச் சேர்த்த வரி பச்சையிலும், நீக்கிய வரி சிவப்பிலும் தெரியும். எல்லோரும் பச்சையைத்தான் படிப்போம். போன வரியைப் படித்து என்ன ஆகப் போகிறது? ஒருநாள் கேட்டேன். "யாரோ ஒருத்தர் எதையோ நெனச்சு பயந்துதான் அந்த வரிய எழுதிருப்பாங்க அண்ணா. அந்த பயம் இன்னும் இருக்குதா இல்லையான்னு பாக்கணும்ல" என்றாள். நான் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு என் மேஜைக்குப் போனேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ரோலிங் மில்லின் உலை அருகே எங்கள் வாயு சென்சார் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது, நிறம் கிடையாது, ஆளை உட்கார்ந்த இடத்திலேயே முடித்துவிடும். சென்சார் பெட்டி நொடிக்கு ஒருமுறை ரேடியோவில் ஒரு எண் அனுப்பும். கிரேன் குறுக்கே போனால் ஒன்றிரண்டு எண் வந்து சேராது. பழைய புரோகிராம், ஒரு எண் வராவிட்டாலும் "சென்சார் கோளாறு" என்று சைரன் அடிக்கும். நாளைக்கு நாற்பது தடவை. மில்காரர்கள் கொதித்துப்போனார்கள், வெள்ளிக்கிழமை காலைக்குள் சரிசெய்யாவிட்டால் பெட்டியைக் கழற்றி அனுப்பிவிடுவோம் என்றார்கள்.

நான் அரை நாளில் முடித்தேன். எண் வராவிட்டால் கடைசியாக வந்த எண்ணையே வைத்துக்கொள். கோளாறு சைரன் வரிகளைத் தூக்கினேன். மூன்று நொடி எண் வராவிட்டால் சரியாக நடக்கிறதா என்று தானே ஓட்டிப் பார்க்கிற ஒரு டெஸ்ட் எழுதினேன், பாஸ். வியாழன் பதினோரு மணிக்கு ஹெலனுக்கு அனுப்பினேன். மற்ற எல்லோரும் வேறு வேலையில் இருந்தார்கள்.

பன்னிரண்டரைக்கு அவள் என் மேஜைக்கு வந்தாள்.

"அண்ணா, நாலு வரி போயிருக்குதே, சைரன் வரி. எண் வரவே இல்லன்னா இன்னா ஆவும்?"

"அதான் கடைசி எண்ண வெச்சிக்குதே."

"எவ்ளோ நேரம்?"

"வர்ற வரைக்கும்."

"வராமயே போனா?"

"அது ஏன்மா வராம போவுது? ஃபேக்டரிய தூக்கினு போயிடுவாங்களா?" என்று கத்தினேன். பக்கத்து மேஜையில் ரம்யா திரும்பிப் பார்த்தாள். ஹெலன் முகம் சிவந்துவிட்டது. "நான் இத அப்ரூவ் பண்ண முடியாது அண்ணா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள். என்ன வேண்டும் என்று திரையில் எழுதியும் வைத்தாள்: "பத்து நொடிக்கு மேல் எண் வராவிட்டால் சைரன் அடிக்க வேண்டும். அதற்கு ஒரு டெஸ்ட்."

எட்டு வருஷ சீனியர். எனக்கு ஐந்தரை மாதக் குழந்தை பாடம் எடுக்கிறது. கோபத்தில் சாப்பாடே இறங்கவில்லை. மேஜையில் அவளுடைய படிவம் கிடந்தது. எடுத்தேன். "வேலை தாமதம். சேர்ந்து வேலை செய்வது கடினம். நிரந்தரம் செய்யப் பரிந்துரைக்கவில்லை." கையெழுத்துப் போட்டு வீரராகவன் சார் அறையில் வைத்துவிட்டு வந்தேன். அப்போது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, வெட்கக்கேடு.

மூன்றரைக்கு சார் அவளைக் கூப்பிட்டார். நானும் போனேன். "ஹெலன், நாளைக்கி காலைல மில்லுல போடணும். திங்கக்கிழமை உன் பேப்பர் ஹெட் ஆபீஸ் போவுது. ஏம்மா பேஜாரு பண்ற?" என்றார். மிரட்டல்தான். கொஞ்சம் இனிப்புத் தடவிய மிரட்டல்.

அவள் விரல்கள் துப்பட்டாவைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தன. குரல் மட்டும் நடுங்கவில்லை. "சார், நீங்களே அப்ரூவ் பண்ணலாம், சிஸ்டம் ஒத்துக்கும். அதுக்கு முன்னாடி ஒரு டீ குடிக்கிற நேரம் மட்டும் குடுங்க."

ஹாலில் சோதனைக்கென்று அதே மாதிரி ஒரு சென்சார் பெட்டி உண்டு. என் புரோகிராமைப் போட்டுத் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். ஒன்பது என்ற எண், பச்சையில். ஆபத்தில்லை என்று அர்த்தம். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, அந்த இடத்தில் ஒரு டேபிள் ஃபேனைச் சொருகினாள். "வாங்க சார், டீ குடிச்சிட்டு வரலாம்."

குடித்துவிட்டு இருபது நிமிடம் கழித்து வந்தோம். பெட்டி செத்துக் கிடந்தது. ஃபேன் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒன்பது, பச்சை.

"எங்கப்பா மில்லுலயும் ஒல பக்கத்துல ஒரே ஒரு பிளக் பாயிண்ட்டுதான் சார். அனல் தாங்காது. எது சொருகியிருந்தாலும் புடுங்கிட்டு ஃபேன் போடுவாங்க. பழசுல சைரனாவது கத்தும். இதுல கேஸ் நெறஞ்சாக்கூட பச்சையா ஒம்போதுன்னு காட்டினே இருக்கும்."

வீரராகவன் சார் குனிந்து, பிடுங்கிக் கிடந்த பிளக்கைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஆலையை நான் வரைபடத்தில் பார்த்திருக்கிறேன். அவள் அப்பாவின் வியர்வை பனியனில் பார்த்திருக்கிறாள். ஆனால் அது மட்டும் என்று சொன்னால் அவளுக்கு அநியாயம். சிவப்பை முதலில் படித்ததால்தான் அந்தக் கேள்வியே வந்தது. அப்பா மில்லில் இருக்கிற பிள்ளைகள் சிப்காட்டில் ஆயிரம் பேர். வேலை போகும் என்று தெரிந்தும் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பவர் எத்தனை பேர்?

உட்கார்ந்து திருத்தினேன். பத்து நொடி வரை பழைய எண், அதற்கு மேல் எண்ணை அழித்துச் சைரன். மூன்று நொடிக்கு ஒரு டெஸ்ட், பதினோரு நொடிக்கு ஒரு டெஸ்ட். அவள் அதையும் சும்மா தட்டவில்லை. தன் மெஷினில் என் திருத்தத்தை மட்டும் நீக்கிவிட்டு டெஸ்ட்டை ஓட்டினாள். பதினோரு நொடி டெஸ்ட் ஃபெயில் ஆனது. திரும்பச் சேர்த்து ஓட்டினாள், பாஸ் ஆனது. திருத்தம் இல்லாமலே பாஸ் ஆகிற டெஸ்ட் எதற்கு உதவும்? ஐந்து பத்துக்கு அப்ரூவல் வந்தது.

மறுநாள் மில்லில் போட்டோம். பதினோரு மணிக்கு உலையைப் பார்த்துக்கொள்கிற முனுசாமி அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார், எங்கள் பெட்டியைப் பிடுங்கினார், ஃபேனைச் சொருகினார். நான் மூச்சைப் பிடித்து எண்ணினேன். பத்து தாண்டியதும் சைரன். "இன்னாடா இது, காத்து கூட வாங்க உடாதா?" என்று அவர் திட்டிக்கொண்டே பெட்டியை மறுபடி சொருகினார். மில் எலெக்ட்ரீஷியன் ஃபேனுக்குத் தனி பாயிண்ட் இழுத்துத் தருவதாக ஒத்துக்கொண்டார். மில்காரர்கள் பெட்டியைத் திருப்பி அனுப்பவில்லை.

ஆபீஸ் திரும்பியதும் நேராக சார் அறைக்குப் போய்ப் படிவத்தைக் கேட்டேன். "மத்த பேப்பரோட காலைலயே கொரியர்ல போயிடுச்சே அன்பு" என்றார். திங்கள் வரை காத்திருக்கவில்லை, நான் எழுதியதைப் படித்துப் பார்க்கவும் இல்லை, அவசரக்காரர். வேண்டுமானால் ஹெட் ஆபீசுக்கு மெயில் அனுப்பு, நானும் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

எழுதினேன். நடந்ததையெல்லாம் சொல்லி, அவளை நிரந்தரம் செய்ய வேண்டும் என்று கேட்டு, "முந்தைய படிவம் வேலை அவசரத்தில் எழுதப்பட்டது, அதைப் புறக்கணிக்கவும்" என்று முடித்தேன். அனுப்புவதற்கு முன் ஹெலனைக் கூப்பிட்டேன். அவளுக்குத் தெரியாமல் அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்ய மனம் வரவில்லை.

நின்றபடியே படித்தாள். படிவத்தைப் பற்றி அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கண் கலங்கியது, துடைத்துக்கொண்டாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"அண்ணா, ஒரு வார்த்த தப்பா இருக்குது."

"எது?"

"அவசரத்துல எழுதல நீங்க. கோவத்துல எழுதினீங்க."

நான் அந்த வார்த்தையை மாற்றினேன். அதன் பிறகுதான் அவள் தலையாட்டினாள்.