இருபத்தொன்று புள்ளி மூன்று

பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு வந்த புதிது. நான் வேதியியல் ஆசிரியையாகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. செங்கற்பட்டிலிருந்து காலையில் மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறி, கடலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கிவிடுவேன். பள்ளியின் ஆய்வகம் ஒரு பழைய வகுப்பறைதான். ஜன்னல் ஓரம் நீளமாக ஒரு மேசை, அதன்மேல் பன்னிரண்டு பியூரெட்.

அந்த வாரம் தரம்பார்த்தல். டெசிநார்மல், அதாவது 0.1 நார்மல், சோடியம் கார்பனேட் கரைசலை நானே எடைபோட்டுத் தயாரித்து வைத்திருந்தேன். அதில் பிப்பெட்டால் இருபது மில்லி எடுத்து, மெத்தில் ஆரஞ்சு ஒரு சொட்டு விட்டு, மஞ்சள் நிறம் மாறும்வரை பியூரெட்டிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட வேண்டும். அமிலத்தின் செறிவைக் கண்டுபிடிப்பதுதான் பயிற்சி. அமிலமும் டெசிநார்மல்தான் என்று நினைத்திருந்ததால், வகுப்பு தொடங்கும்போதே, "சுமார் இருபது வரும், பாத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

மறுநாள் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்தினேன். ஏறக்குறைய எல்லாரும் இருபது, இருபது புள்ளி ஒன்று என்று எழுதியிருந்தார்கள். 'பிழைக்கான காரணங்கள்' என்ற தலைப்பின் கீழ் எல்லா நோட்டிலும் ஒரே வரிகள்: கண்மட்டத்தில் பார்க்காதது, முடிவுநிலையைத் தாண்டியது. விடை சரியாக வந்திருக்கிறது என்றால் பிழை எங்கே வந்தது என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

ஒரே ஒரு நோட்டில் மட்டும் 21.3, 21.4, 21.3. கோவளத்திலிருந்து பஸ்ஸில் வரும் மாணவி, மீன்பிடி வீட்டுப் பெண். பிழைக்கான காரணங்கள் என்ற இடத்தில் அவள் எழுதியிருந்தது: 'மூன்று முறையும் ஒத்து வந்தது. விடை ஏன் வேறாக இருக்கிறது என்று தெரியவில்லை.' நான் பத்துக்கு ஐந்து போட்டு, பக்கத்தில் சிவப்பு மையில் 'காரணங்களை எழுதவும்' என்று எழுதினேன்.

நோட்டை வாங்கியவள் என் மேசைக்கு வந்தாள்.

"இன்னா டீச்சர் எழுதறது?"

"மத்தவங்க எழுதியிருக்காங்களே, அது மாதிரி."

"நான் கண்ணுக்கு நேராத்தான் பாத்தேன் டீச்சர். கலரு மாறுனதும் நிறுத்திட்டேன். பண்ணாத தப்ப எப்டி எழுதறது?"

"உட்காரு, பாத்துக்கலாம்" என்றேன்.

அன்று மாலை கடைசி மணிக்குப் பிறகு நானே ஒருமுறை செய்து பார்த்தேன். 21.3. இன்னொரு முறை. 21.3. பியூரெட்டை மாற்றினேன்; அதே அளவு. பிப்பெட் தவறோ என்று அது விடும் தண்ணீரைத் தராசில் எடைபோட்டேன். இருபது கிராம் சரியாக இருந்தது.

இரண்டு நாள் இதே குழப்பம். பஸ்ஸில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தேன். கண்ணைச் சாய்த்துப் பார்த்தால் அளவு ஒருமுறை கூடும், ஒருமுறை குறையும். எப்போதும் ஒரே பக்கம் போகாது. முடிவுநிலையைத் தாண்டினால் கூடத்தான் செய்யும், ஆனால் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. ஒன்றே கால் மில்லிக்கு மேல் என்றால் இருபத்தைந்து சொட்டுக்குக் குறையாது. கார்பனேட் ஈரம் வாங்கியிருந்தால் கரைசல் நீர்த்திருக்கும். அப்போது அமிலம் குறைவாகத்தான் செலவாகும், கூடுதலாக அல்ல. எந்தக் காரணத்தை எடுத்தாலும் ஒன்று திசை பொருந்தவில்லை, இல்லையென்றால் அளவு பொருந்தவில்லை. படித்ததையே மறந்துவிட்டேனோ என்று பயம் வந்தது.

மூன்றாம் நாள், முடிவுநிலையின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று காய்ச்சி வடித்த தண்ணீர் வைக்கும் கேனிலிருந்து இருபது மில்லி ஒரு குடுவையில் எடுத்து, மெத்தில் ஆரஞ்சு விட்டு, அமிலத்தைத் திறந்தேன். வெறும் தண்ணீர் ஒரு சொட்டிலோ இரண்டு சொட்டிலோ நிறம் மாற வேண்டும். மாறவில்லை. மஞ்சளாகவே நின்றது. ஒன்றரை மில்லி போன பிறகுதான் மாறியது.

ஆய்வக உதவியாளரைக் கூப்பிட்டேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

"அண்ணே, இந்தக் கேன்ல இருக்கிறது டிஸ்டில்டு வாட்டர்தானே?"

"அது காலியாயி ஒரு வாரம் ஆவுதும்மா. நீங்க ஆசிட்ட கோடு வரைக்கும் ரொப்பச் சொன்னீங்க, கேன்ல சொட்டு கூட இல்ல. கிணத்துல எடுத்து கேன்ல ரொப்பி ஊத்துனேன். தெளிவாத்தானே கீது?"

"எங்கிட்ட சொல்லலையே."

"நீங்க ஸ்டாப் ரூமுக்குப் போய்ட்டீங்களேம்மா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அவர் சொன்னது உண்மை. நார்மல் அமிலத்தை அளந்து பெரிய குடுவையில் ஊற்றி, ஒன்பது பங்கு தண்ணீர் சேர்ப்பதை அவரிடம் விட்டுவிட்டுப் போனது நான். கிணற்று நீரில் கரைந்திருந்த பைகார்பனேட், அமிலத்தில் ஒரு பகுதியைச் செலவழித்துவிட்டது. அமிலம் டெசிநார்மல் இல்லை, அதைவிடக் குறைவு. கார்பனேட்டை மட்டும் முந்தின வாரமே நல்ல தண்ணீரில் தயாரித்திருந்தேன்.

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தப் பெண் எழுதியிருந்த விடை 0.094 நார்மல். அதுதான் அமிலத்தின் உண்மையான செறிவு. அவளிடம் பிழையே இல்லை. என் மனதிலிருந்த விடைதான் பிழை.

தயாரிப்பு நோட்டில் முதலில், 'உதவியாளர் கிணற்று நீர் சேர்த்ததால்' என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். பொய் இல்லை, ஆனால் சரியாகவும் இல்லை. ஒரே கோடாக அடித்துவிட்டு, 'அமிலம் கிணற்று நீரால் நீர்க்கச் செய்யப்பட்டது. பயன்படுத்துமுன் நான் அதன் செறிவைச் சரிபார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வகுப்பில் இதைச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்குப் பத்து என்றேன். அவள் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

"அப்போ இருபது போட்டவங்களுக்கு எவ்ளோ டீச்சர்?"

"உண்மையில எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்டேன். மெல்ல ஒருத்தி கை தூக்கினாள். பிறகு ஒவ்வொருவராக, இருபத்தொன்று புள்ளி மூன்று, இருபத்தொன்று புள்ளி மூன்று. இப்போது நான் எந்த விடையை விரும்புகிறேன் என்று அவர்களுக்குத் தெரியும். அன்று வந்ததைச் சொல்கிறார்களா, இன்று பிடித்ததைச் சொல்கிறார்களா? முதல் அளவுகளை யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. யாரை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசி வரிசையில் படாளத்திலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படித்த மாணவன் எழுந்தான். "எனக்கு இருபது புள்ளி ஆறு டீச்சர். நான் மாத்தல."

அவன் நோட்டை எடுத்துப் பார்த்தேன். 20.6 என்றுதான் இருந்தது. மூன்று முறையும். திருத்தும்போது கவனிக்காமல் விட்டிருக்கிறேன். மீதமிருந்த அதே அமிலத்தில் என் எதிரிலேயே திரும்பச் செய்யச் சொன்னேன். நிதானமாகச் செய்தான். 21.3 வந்தது.

"அன்னிக்கி இருபது புள்ளி ஆறுதான் டீச்சர் வந்துச்சு" என்றான் மறுபடியும், குரல் உயராமல்.

இருபதுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவில் பயந்து ஒரு எண்ணைப் போட்டிருக்கலாம். பிப்பெட்டைத் தண்ணீரில் கழுவிவிட்டு, கார்பனேட்டால் அலசாமல் எடுத்திருந்தாலும் அளவு இப்படிக் குறைந்திருக்கும். கேட்டேன், நினைவில்லை என்றான். நான் அவனுக்கு ஏழு போட்டேன். எதற்காக ஏழு என்று அவன் கேட்கவில்லை.

சனிக்கிழமை செங்கற்பட்டில் பேட்டரிக் கடையில் இரண்டு கேன் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி, பஸ் கண்டக்டரிடம் பேசி, டிரைவர் பக்கத்தில் வைத்துக் கொண்டுபோனேன்.