மஞ்சள் பொட்டு வைத்த பார்சல்

வெளிமாநிலத்தில், தார்நாகா வீட்டிலிருந்து இணையக் கடை வழியாகச் சுங்குடிப் புடவை விற்ற காலம் அது. அந்தக் கடைக்காரர்கள் அனுப்பும் ஒவ்வொரு கணக்கு அறிக்கையிலும் கமிஷனும் கூரியர் செலவும் போக மீதிதான் எனக்கு. அந்த முறை, திரும்பி வந்த ஒரு புடவைக்கு ‘வாடிக்கையாளர் திருப்பியது’ என்று போட்டு, வந்துபோன கூரியர் செலவு இரண்டையும் பிடித்திருந்தார்கள். பாக்கிப் பணத்தையும் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

“சின்னத் தொகை, விட்டுத் தொலையேன்,” என்றார் கணவர்.

விடுவதாக இல்லை. புதுத்துணிக்கு மஞ்சள் வைப்பது எங்கள் வழக்கம். விற்கிற புடவையில் கறை படக்கூடாது என்பதால் பெட்டியை ஒட்டியதும் டேப்பும் அட்டையும் சேரும் இடத்தில் ஒரு பொட்டு வைப்பேன். திரும்பி வந்த பெட்டியில் அது கலையாமல் இருந்தது. வாங்கவே மறுத்த பார்சல் அது. அப்படித் திரும்பினால் கட்டணம் கிடையாது என்பது அவர்களே எழுதிய விதி.

படம் எடுத்து அனுப்பிவிட்டு உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். பேசிய பெண்ணுக்குத் தமிழ் தெரிந்திருந்தது.

“சிஸ்டத்துல கஸ்டமர் ரிட்டர்ன்னுதான் காட்டுது மேடம்.”

“பெட்டியை யாரும் பிரிக்கலைம்மா. நானும் பிரிக்க மாட்டேன். உங்க ஆளை அனுப்புங்க, வந்து பிரிச்சுப் பார்க்கட்டும்.”

யாரும் வரவில்லை. அடுத்த அறிக்கையில் பிடித்த பணத்தை வரவு வைத்திருந்தார்கள். ஆனால் மொத்தப் பணமும் வங்கிக்கு வரும் தேதியை மறுபடி தள்ளியிருந்தார்கள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அதே எண்ணை அழுத்தினேன்.