நாலரை மணி விளக்கு

அந்த விளக்கைக் கொண்டுவந்தவர் அது ரிப்பேர் என்றுதான் கொண்டுவந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

விருதுநகரில் ஓர் எலக்ட்ரிக்கல் கடையில் அப்போது எனக்கு வேலை. மிக்ஸி, ஃபேன், அயன்பாக்ஸ் எது வந்தாலும் பிரித்துப் போட்டுவிடுவேன். திரும்ப மாட்டி முடிக்கும்வரை முதலாளி என் பக்கத்தைவிட்டு நகரமாட்டார். வத்தல் மண்டி வைத்திருந்த பாய் ஒருவர் விளக்கைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். மகன் துபாயிலிருந்து வாங்கி வந்ததாம். பால் நிறக் கண்ணாடிக்குள் குண்டு பல்பு, அடியில் பச்சை எண்களில் கடிகாரம்.

"தம்பி, காலைல அலாரத்துக்கு முன்னாடி இது தானா எரியுது. அதுவும் மங்கலா எரியுது. வோல்டேஜ் இல்லயோன்னு ஸ்டெபிலைசர்ல மாட்டியும் பாத்துட்டேன். என்னான்னு பாருங்க."

எங்கள் ஊர்ப் பக்கம் பல்பு மங்கினால் வோல்டேஜ் இல்லை என்று அர்த்தம். வேறு அர்த்தம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? கழற்றிப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. அலாரம் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பிடிபட்டது. அலார நேரத்துக்கு அரை மணி முன்னால் பல்புக்குள் கம்பி மட்டும் சிவப்பாகத் தெரிகிறது. பிறகு செம்மண் நிறம், பிறகு மஞ்சள், கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளை. முழுசாக எரிந்த பிறகு அலாரம் கூப்பிடுகிறது. விடிவதைப் போல அறைக்குள் ஒரு விடியல். தூங்குகிறவர் திடுக்கிடாமல் விழிப்பதற்காகச் செய்திருக்கிறார்கள்.

சொன்னதும் பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "இதுக்கா காசக் குடுத்தான்? நமக்கு பாங்குச் சத்தம் போதும். நீங்களே வச்சுக்கங்க தம்பி."

வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூட நான் சொல்லவில்லை. அப்போது எங்கள் வீட்டுக்கு அதைவிட வேண்டிய பொருள் வேறு இல்லை.

மல்லாங்கிணறு பக்கம் எங்கள் ஊர். அம்மாவும் தங்கச்சியும் சிவகாசிக் கம்பெனி ஒன்றுக்கு வேனில் போய் வந்தார்கள். அம்மா காகிதக் குழாய் உருட்டும் ஷெட்டில், தங்கச்சி வெடிமருந்து செலுத்தும் ஷெட்டில். ஒருநாள் மருந்து ஷெட்டில் தீப்பிடித்தது. நூறடி தள்ளி நின்று அம்மா அந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

நாலு மாதம் கழித்து அம்மா வேறு கம்பெனிக்குக் குழாய் உருட்டப் போனாள். வானம் பார்த்த பூமியில் வேறு என்ன வேலை இருக்கிறது? வேன் ஐந்தேமுக்காலுக்கு வரும். ஐந்து மணிக்காவது எழ வேண்டும். அப்படி எழுவதுதான் எமனாக வந்தது. அலாரம் அடித்தால் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடுவாள். ட்யூப்லைட்டைப் போட்டால் அந்தப் பளீர் வெளிச்சத்தில் முகத்தைப் பொத்திக்கொண்டு சுருண்டுவிடுவாள். தோளைத் தொட்டு எழுப்பினால் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "புள்ளய வெளிய இழுலே, இழுலே" என்பாள். ஒவ்வொரு காலையும் அந்த ஷெட் எங்கள் வீட்டுக்குள் எரிந்தது.

விளக்கை அவள் தலைமாட்டில், பழைய விறகடுப்பை ஒட்டிய சுவர்ப்பக்கம் வைத்தேன். எங்கள் வீடு ஒரே அறை, அதன் மூலைதான் சமையல்கட்டு. ஐந்துக்கு அலாரம். நாலரைக்கு வெளிச்சம் தொடங்கும்.

முதல் நாள் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். சிவப்பு வந்தது, மஞ்சள் வந்தது. அம்மா புரண்டு படுத்தாள். கண் மூடியிருந்தது, ஆனால் முகம் இளகிவிட்டது. பல மாதமாக நான் பார்க்காத முகம். அலாரம் கூப்பிட்டபோது ஏற்கெனவே விழித்திருந்தாள். அலறல் இல்லை, ஓட்டம் இல்லை. எழுந்தாள், முகம் கழுவினாள், கிளம்பினாள். அலாரம் அடித்த கணம் அவள் கண்ணோரம் ஈரமானதை நான் கவனித்தேன், தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டேன். பெரிய மெக்கானிக் அல்லவா நான். கடையில் இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஒரு மாதம் ஓடியது. அப்புறம் ஒருநாள் விடியுமுன்னே கரண்ட் போய்விட்டது. விளக்கும் இல்லை, அலாரமும் இல்லை. வேன்காரர் ஹாரன் அடித்த சத்தத்தில்தான் எழுந்தேன். ஜன்னலில் வெளுத்திருந்தது. அம்மா படுத்தே கிடந்தாள். பதறிப்போய்ப் பக்கத்தில் போனேன். தூங்கவில்லை, கண்ணை மட்டும் இறுக்க மூடியிருந்தாள்.

"ஏம்மா, வேன் வந்திருச்சு. எந்திரிக்கலயா?"

"பொறுலே. அவ இன்னும் அடுப்புப் பத்த வைக்கல."

மூலையில் இருந்த பழைய அடுப்பைத் திரும்பிப் பார்த்தேன்.

நாலரைக்கு எழுந்து அடுப்பு மூட்டுவது தங்கச்சிதான். மூலையில் சுள்ளி சிவந்து, தென்னமட்டை பிடித்து, சுவர் செம்மண்ணாகி, மஞ்சளாகி, அம்மா கண் விழிக்கும்போது காப்பி கொதித்துக்கொண்டிருக்கும். அவள் போன பிறகு அந்த அடுப்பை யாரும் மூட்டவில்லை. நான் ஒரு ஸ்டவ் வாங்கி வைத்துவிட்டேன். அதே மூலையிலிருந்து, அதே நேரத்தில், அதே நிறத்தில் வெளிச்சம் வர ஏற்பாடு செய்தவன் நான். தினமும் அரை மணி நேரம் மகளைக் கொண்டுவந்து கொடுத்து, ஐந்து மணிக்கு அலாரம் அடித்துப் பிடுங்கிக்கொண்டவனும் நான்தான்.

வேன் போய்விட்டது. நான் பிளக்கைப் பிடுங்கினேன். என் மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம், விளக்கை வாசலில் போட்டு உடைத்திருப்பேன்.

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். இப்போது நிதானமாகத்தான் பேசினாள். "அத ஏம்லே கழட்டுற?"

"இது வேணாம்மா. நீ தெனமும்..."

"எனக்குத் தெரியாதாலே? லைட்டுன்னு நல்லாத் தெரியும். ஆனா கண்ணத் தொறந்தாத்தான தெரியும்." நான் பிடுங்கிய பிளக்கை எடுத்து என்னிடம் நீட்டினாள். "அந்த அர மணி நேரந்தான் அவ வீட்ல இருக்கா. மாட்டிரு." அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "இன்னுங் கொஞ்ச நேரம் இழுக்க முடியுமாலே? ஒரு மணி நேரம்?"

கழற்றினேன், பார்த்தேன், மாட்டினேன். மூன்று நாள் முட்டி மோதினேன். அரை மணி என்பது உள்ளே ஒரு சின்னச் சிப்பில் எழுதி மூடியிருந்தது. எதையும் பிரித்துப் போடத் தெரிந்தவனுக்கு அதைத் திறக்கத் தெரியவில்லை. "முடியலம்மா" என்றபோது அவள் கோபிக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

அன்றிலிருந்து நாலரைக்கு நானும் எழத் தொடங்கினேன். ஐந்து மணி அலாரம் ஒரு முறை கூவியதும் பொத்தானை அமுக்கிவிட்டால் அது மறுபடி கூவ ஐந்து நிமிடம் ஆகும்; வெளிச்சம் அணையாது, அந்த ஐந்து நிமிடமும் அவளுக்குக் கிடைக்கும். அதுதான் என்னால் கொடுக்க முடிந்தது. அப்படி எழுந்த ஒரு காலை, வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தபோது ஸ்டவ்வில் காப்பி போட்டேன். டம்ளர் ஒன்று கை தவறி லேசாகத் தட்டியது.

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. முகத்தில் சின்னச் சிரிப்பு இருந்தது.

"மெதுவா புள்ள," என்றாள். "அண்ணன எழுப்பிறாத. பாவம், தூங்கட்டும்."

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என் குரல் தெரிந்துவிடும். டம்ளரைச் சத்தமில்லாமல் தரையில் வைத்துவிட்டு, விளக்கின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அலாரப் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டேன். ஐந்து மணிக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.