இருநூற்று எண்பதும் நானூற்று இருபதும்

ராஜபாளையத்தில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேரச் செய்தியாளனாக இருக்கிறேன். தேர்த் திருவிழா, குடிநீர்க் குழாய் உடைப்பு, பிளவக்கல் அணையில் எவ்வளவு தண்ணீர் என்று எழுதிக்கொண்டிருந்த வரைக்கும் நிம்மதிக்குக் குறைவில்லை. 2025 தொடக்கத்தில் கூலியைப் பற்றி ஒரு செய்தி எழுதினேன். அன்றைக்குப் போன நிம்மதிதான்.

பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக் கூடங்களில் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கூலி ஒப்பந்தம் போடுவார்கள். கையெழுத்தாகிவிட்டால் அடுத்த மூன்று வருஷத்துக்கு அந்தக் கூலிதான், ஒரு ரூபாய்கூட ஏறாது. பழைய ஒப்பந்தம் முடிந்து புதுப் பேச்சுவார்த்தை தொடங்க ஒரு வாரம் இருந்தது. அந்தச் சமயத்தில், ஒரு கூடத்தில் பத்து வருஷமாக நூல் சுற்றும் ஒரு அக்காவைப் பார்த்தேன். தொழிலாளர் தரப்பில் பேசப் போகும் ஐந்து பேரில் அவரும் ஒருவர். பழைய கூலிச் சீட்டுகளை ரேஷன் கார்டு உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தார். 2015 ஜனவரியில் நாளுக்கு 280 ரூபாய். பத்து வருஷம் கழித்து இந்த ஜனவரியில் 420.

"நூத்தி நாப்பது கூடிருக்கு தம்பி. ஆனா அப்ப மிஞ்சுச்சு, இப்ப பத்தல. எனக்குச் செலவழிக்கத் தெரியலனு எங்க வீட்டுக்காரரு சொல்லுதாரு" என்றார்.

அவருக்குச் செலவழிக்கத் தெரியாமல் இல்லை என்பதைக் அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். தொழிலாளர்களுக்கான விலைக் குறியீட்டெண் என்று அரசாங்கம் மாதாமாதம் வெளியிடும். 2015 ஜனவரிக்கு அது 254. 2025 ஜனவரிக்கு 143.2. மேலோட்டமாகப் பார்த்தால் விலைவாசி பாதியாகக் குறைந்துவிட்டது போலத் தெரியும். அப்படி இல்லை. முதல் எண், 2001ஆம் ஆண்டு விலையை நூறு என்று வைத்துக் கணக்கிட்டது. அடுத்தது, 2016ஆம் ஆண்டு விலையை நூறு என்று வைத்தது. முழக்கோலால் அளந்ததையும் மீட்டரால் அளந்ததையும் அப்படியே ஒப்பிட முடியுமா? புது எண்ணைப் பழைய வரிசைக்கு மாற்ற 2.88 ஆல் பெருக்க வேண்டும் என்று அரசே சொல்லியிருக்கிறது. பெருக்கினால் 412. அதை 254 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.62. ஆக, அன்றைக்கு 280 ரூபாய் வாங்கிக் கொடுத்ததை இன்றைக்கு வாங்க 454 ரூபாய் வேண்டும். அக்கா கையில் இருப்பது 420. கூலி ஏறவில்லை, இறங்கியிருக்கிறது.

இதையெல்லாம் நாலு வரியில் அடக்கி அனுப்பினேன். சாயங்காலம் மதுரை அலுவலகத்திலிருந்து உதவி ஆசிரியர் கூப்பிட்டார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகாத பையன்.

"அண்ணே, இந்த 454ஐ யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கலப்பா. அது கணக்கு."

"யாரும் குடுக்காத கூலிய எப்படிண்ணே போடுறது? நானே இணையத்துல பாத்தேன். 254ல இருந்த எண் 143க்கு வந்திருக்கு. விலை குறைஞ்சிருக்குல்ல?"

கரடியாகக் கத்தினேன். 2001, 2016, 2.88 எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். "சரிண்ணே, புரிஞ்சிருச்சு" என்று வைத்துவிட்டான். என்னத்தைப் புரிந்தானோ, காலையில் பேப்பரை விரித்தேன். குறியீட்டெண் இருந்த பத்தியையே வெட்டி எறிந்துவிட்டு, "பத்து ஆண்டுகளில் கூலி ரூ.140 உயர்வு: விசைத்தறித் தொழிலாளர்கள் மகிழ்ச்சி" என்று தலைப்புப் போட்டிருந்தான். பக்கத்தில் அக்காவின் படம். போட்டோ எடுக்கிறேன் என்றதும் கூச்சத்தில் சிரித்தாரே, அந்தச் சிரிப்பு.

ஏழு மணிக்கெல்லாம் அக்கா போன் செய்துவிட்டார்.

"நான் எப்பம் தம்பி மகிழ்ச்சினு சொன்னேன்? கூடத்துல அம்புட்டுப் பேரும் என்னைத்தான் கேக்காக. மொதலாளிட்ட எம்புட்டு வாங்குனனு கேக்காக."

செய்தி தவறு என்று திருத்தம் போடச் சொல்லி மதுரைக்குப் பேசினேன். "எந்த எண்ணுண்ணே தப்பு? 280 சரி, 420 சரி, வித்தியாசம் 140 சரிதானே" என்றான். அதுதான் கொடுமை. ஒரு எண்ணும் தப்பில்லை. செய்தி முழுவதும் பொய். தலையில் அடித்துக்கொண்டேன், வேறென்ன செய்ய.

அடுத்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் பேச்சுவார்த்தை. தொழிலாளர்கள் 480 கேட்டார்கள், முதலாளிகள் 440க்கு மேல் முடியாது என்றார்கள். முதலாளிகள் தரப்பில் வந்த பெரியவர் சட்டைப் பையிலிருந்து என் செய்தியை எடுத்து மேசையில் விரித்தார்.

"நாங்க சொல்லல சார், பேப்பரே சொல்லுது. பாதிக்குப் பாதி கூட்டியிருக்கோம். அதுல சிரிச்சிட்டு இருக்கது இந்த அம்மாதான்."

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். செய்தியாளன் வாயைத் திறக்கக் கூடாத இடம் அது. கேட்கிற நிலையில் நானும் இல்லை. "நான் எழுதுனதுல பாதிய வெட்டிட்டாக சார்" என்று எழுந்து, வெட்டப்பட்ட பத்தி இருந்த தாளை நீட்டினேன். அதிகாரி திட்டுவார் என்று நினைத்தேன். அவர் வாங்கிப் பார்த்து, 2.88 என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"இது சரிதான். எங்க பஞ்சப்படியே இந்த எண்ண வச்சுத்தான் ஏறுது" என்று கால்குலேட்டரை எடுத்துத் தட்டி, பெரியவர் பக்கம் திருப்பிக் காட்டினார். "இவங்க பழைய கூலில நிக்கணும்னாலே 454 வேணும். நீங்க சொல்ற 440 உயர்வே இல்ல."

பெரியவர் அசரவில்லை. நூல் விலையும் கரண்டு கட்டணமும் மட்டும் ஏறாமலா இருக்கிறது என்றார். அதுவும் பொய்யில்லை. இழுத்து இழுத்து மத்தியானம் தாண்டி 450இல் முடிந்தது. அக்காவும் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தேன். ஊதி ஊதிக் குடித்தார். திட்டினாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"தம்பி, அந்த எண்ணு மாசாமாசம் ஏறுமா?"

"சில மாசம் கொறையும் யக்கா. ஆனா போகப் போக ஏறத்தான் செய்யும்."

"அது ஏறுனா அந்த சாருக்கு?"

"ஆறு மாசத்துக்கு ஒருக்க பாத்துப் பஞ்சப்படில சேத்துக் குடுப்பாக."

"எனக்கு?"

"மூணு வருசத்துக்கு இந்த 450தான்."

டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப மூணு வருசம் கழிச்சு நான் இப்ப வாங்குறதவிடக் கம்மியாத்தான் வாங்குவேன். அதுக்குத்தான் கையெழுத்துப் போட்டுட்டு வாரேன், இல்லையா?"

அந்தக் கணக்கை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.