வண்டிக்குள் இருந்தவனுக்கு மட்டும் கேட்ட விளம்பரம்

முஜீப் ரஹ்மானைப் போல ஒரு பிடிவாதக்காரனை நான் பார்த்ததில்லை. எத்தனையோ பேருக்கு என் குட்டி யானை வண்டியில் ஒலிபெருக்கி கட்டி ஓட்டியிருக்கிறேன். அரிசிக்கடை, பள்ளிக்கூடம், கோயில் திருவிழா, எலக்‌ஷன் என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. பேப்பரை நீட்டுவார்கள், ரெக்கார்டு போட்டுக்கொண்டு போவேன், அவ்வளவுதான். இந்த பாய் மட்டும், "அண்ணே, நானும் வண்டியில வர்றேன். நானே மைக்குல பேசுறேன்" என்று ஏறி உட்கார்ந்துகொண்டார்.

ஏறியதற்குக் காரணம் இருந்தது. பத்து வருஷம் ஷார்ஜாவில் ஒரு துணிக்கிடங்கில் இருந்துவிட்டு வந்தவர், மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் புதுநிலா என்று ஒரு துணிக்கடை திறந்திருந்தார். ரம்ஜானுக்கு ஏதோ ஓடியது. அதற்குப் பிறகு ஈ ஓட்டினார். ஊர்ச்சனம் துணி என்றாலே திண்டிவனத்துக்கும் பாண்டிச்சேரிக்கும் பஸ் ஏறுகிறது. பழைய கம்பெனி மேனேஜர், கீழக்கரைக்காரர், தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வரை கெடு கொடுத்திருந்தார். வருவதென்றால் வேலை இருக்கிறது, இல்லையென்றால் வேறு ஆள். இந்தத் தீபாவளி வியாபாரம் படுத்தால் முஜீப் மறுபடி விமானம் ஏற வேண்டும். அவர் சம்சாரம் நிஷாத்துக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே முகம் செத்துவிடும்.

விளம்பரத்தை முஜீபே எழுதினார். பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டியில் கப்பு வாங்கியவராம். கேளுங்கள்: "பண்பாடு போற்றும் பாசமிகு பெரியோர்களே! தாய்க்குலமே! இருள் அகற்றி இன்பம் பெருக்கும் இனிய தீபத் திருநாளில், இல்லமெல்லாம் மகிழ்ச்சி வெள்ளம் கரைபுரண்டு ஓட..." இப்படியே ஒரு பக்கம். கடையின் பெயர் கடைசியில்தான் வரும். "சஸ்பென்ஸ் வெச்சிருக்கேண்ணே" என்றார். பின்னால் நாதஸ்வர மியூசிக் வேறு.

நான் என்ன சொல்ல? எனக்கே கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஸ்டேஷனில் அனுமதி வாங்கி, ஆஸ்பத்திரி வந்தால் அணைத்து, பாங்கு சொன்னால் அணைத்து, சாவு வீட்டைத் தாண்டும்வரை அணைத்து, அனுமந்தை, கந்தாடு, எக்கியார்குப்பம் என்று இரண்டு நாள் சுற்றினோம். முஜீப் தொண்டை கட்டிப்போகிற அளவுக்குப் பேசினார். கடையில் ஒரு காக்கா குஞ்சு இல்லை.

மூன்றாம் நாள் காலை அவருக்குக் குரல் கம்மிவிட்டது. "நேத்து பேசுனத போன்ல ரெக்கார்டு பண்ணி வெச்சிருக்கேன். அதப் போட்டு ஒரு ரவுண்டு வாங்கண்ணே, நான் டீ குடிக்கிறேன்" என்று ஈசிஆரில் உப்பளத்தை ஒட்டிய டீக்கடையில் இறங்கிக்கொண்டார். அவருடன் நிஷாத்தும் இருந்தாள், கஷாயம் கொண்டுவந்து கொடுக்க வந்தவள். நான் போய்த் திரும்பி வந்தேன். கையை ஆட்டி நிறுத்தினார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணே, நான் என்ன பேசுறேன்னு எனக்கே புரியலண்ணே!"

நடந்தது இதுதான். வண்டி டீக்கடையைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வாய் டீ குடிக்கிற நேரம். அதற்குள் சென்னை பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது, ஒரு டிப்பர் லாரி போனது. மிச்சம் அவர் காதில் விழுந்தது, "தாய்க்குலமே" மட்டும்தான். பக்கத்தில், உப்புக் குவியலுக்குத் தார்ப்பாய் போட்டுவிட்டு டீ குடிக்க வந்த மலர்கொடி கேட்டாளாம்: "ஏன் பாய், மறுபடி எலக்‌ஷன் வந்துருச்சா?"

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. இரண்டு நாளாக முழுப் பேச்சையும் கேட்டது வண்டிக்குள் இருந்த நாங்கள் இரண்டு பேர்தான். ரோட்டில் நிற்கிறவளுக்கு எங்கள் பேச்சில் ஒரு துண்டுதான் கிடைக்கும். எந்தத் துண்டு என்பது அவள் அதிர்ஷ்டம். நானும் இத்தனை வருஷமாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளேயேதான் இருந்திருக்கிறேன், போங்கள்!

முஜீப் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரில் ஒவ்வொரு வரியாக அடிக்க ஆரம்பித்தார். பெத்த பிள்ளையை அடிக்கிற மாதிரி இருந்தது. நிஷாத் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, எந்த எடத்துல காதுல விழுந்தாலும் கடை பேரு இருக்கணும். எங்க இருக்குதுன்னு இருக்கணும். அவ்ளோதானே?"

"அப்ப தீபத் திருநாளு?"

"தீபாவளின்னு அவங்களுக்கே தெரியும். விடுங்க."

எழுதினார், அடித்தார், எழுதினார். ஒவ்வொரு தடவையும் போனில் பேசிக் கொடுப்பார், நான் ஓட்டிக்கொண்டு டீக்கடையைக் கடப்பேன், அவர் மலர்கொடியிடம், "என்னக்கா கேட்டுச்சு?" என்பார். முதல் தடவை, "மியூசிக்கு கேட்டுச்சு" என்றாள். மியூசிக் போனது. அடுத்த தடவை, "ஆம்பள கொரல் லாரி சத்தத்தோட கலந்துபோவுது பாய். மகராசி, நீ பேசேன்மா" என்று நிஷாத்தைக் காட்டினாள். நிஷாத், "அய்யய்யோ, நானா? ஊரே கேக்கும்!" என்றாள். "ஊரு கேக்கத்தானே இவ்ளோ பாடு!" என்று நான் கத்தியே விட்டேன்.

துணிக்கடைக்குப் போய், புடவைக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் பேசினாள். அங்கே எதிரொலி இல்லை. வரிக்கு வரி மூச்சு விட்டு, அவசரப்படாமல்:

"புதுநிலா துணிக்கடை. மரக்காணம் பஸ் ஸ்டாண்டு எதிர்ல.

புடவை ஒண்ணு வாங்குங்க, ஒண்ணு இலவசம். புதுநிலா துணிக்கடை.

பசங்களுக்கு தீபாவளி டிரெஸ். புதுநிலா துணிக்கடை.

திண்டிவனம் போக வேணாம். பாண்டி போக வேணாம். மரக்காணம் பஸ் ஸ்டாண்டு எதிர்ல, புதுநிலா துணிக்கடை."

அவ்வளவுதான். திரும்பத் திரும்ப அதே. மறுபடி டீக்கடையைக் கடந்தேன். இந்த முறையும் ஒரு லாரி குறுக்கே வந்தது, நாசமாய்ப் போக. ஆனால் மலர்கொடி, "புடவை ஒண்ணுக்கு ஒண்ணாமே! பஸ் ஸ்டாண்டு எதிர்லயா?" என்றாள். முஜீப் அவளைக் கும்பிட்டார். எனக்குக் கண் கலங்கியது, பொய் சொல்வானேன்.

வண்டியை நடக்கிற வேகத்துக்கு இறக்கினேன். முக்குக்கு முக்கு நிறுத்தி இரண்டு முறை ஓடவிட்டேன். மறுநாள் நாலைந்து பேர் வந்தார்கள், புடவையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்கு மறுநாள் கொஞ்சம் கூடினார்கள். கெடு சொன்ன ஞாயிற்றுக்கிழமை மலர்கொடி உப்பளத்துப் பெண்களை ஒரு ஷேர் ஆட்டோ நிறைய அடைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். கந்தாட்டிலிருந்து டிராக்டரில் ஒரு குடும்பம். செருப்பு விட இடமில்லை. ஓட்டுகிற வேலையை விட்டுவிட்டு நான் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து ஷார்ஜா போன் வந்தது. முஜீப்பின் இரண்டு கையிலும் துணி. போனைப் பார்த்தார், நிஷாத்தைப் பார்த்தார். "நீயே சொல்லிடு" என்றார்.

பத்து வருஷமாகப் புருஷனை அந்தப் போன்தான் கூப்பிட்டுக்கொண்டு போயிருக்கிறது. ஒருநாளும் அவள் அந்த ஆளிடம் பேசியதில்லை. போனை எடுத்து, "அவர் வரலைங்க" என்றாள் மெதுவாக. கடைச் சத்தத்தில் அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை போல. என்ன, என்ன என்று கேட்டிருக்கிறார்.

நிஷாத் மூச்சை இழுத்தாள். கந்தாடு முழுக்கக் கேட்ட அதே குரலில், வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள்:

"வரமாட்டாருங்க. முஜீப் ரஹ்மான் வரமாட்டாரு. மரக்காணத்துல இருக்காரு. எங்க கூட இருக்காரு."

கடையே ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்தது. மலர்கொடிதான் முதலில் கை தட்டினாள். முஜீப் கையிலிருந்த துணியிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது விற்கிற துணி ஆயிற்றே என்று நான் சத்தம் போட்டேன், யார் காதிலும் விழவில்லை.