பெடலுக்குள் ஏற்கெனவே இருந்த சத்தம்

அன்று மாம்புரியில் அந்த வீட்டு ஹோலுக்குள் ஆறு பேர் இருந்தோம். கல்யாணப் பெண். அவளுடைய வாப்பா, ஊரில் எல்லோரும் ஹாஜியார் என்று கூப்பிடுகிறவர். அவருடைய தம்பி, படகு எஞ்சின் திருத்துகிறவர். அறை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த பெண்ணின் உம்மா. ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிற என் மச்சான். பிறகு நான். வேறு யாரும் இல்லை. ஆறு பேர்தானே என்று பல தடவை மனதைத் தேற்றிப் பார்த்திருக்கிறேன். சரிவரவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பகலில் தேங்காய்க் களஞ்சியம் ஒன்றில் கணக்கெழுதுகிறேன், கல்யாண வீடுகளில் பாடுகிறேன். எங்கள் பக்கத்துச் சில வீடுகளில் வாத்தியம் எடுக்க மாட்டார்கள். குரல் மட்டும் என்றால் சம்மதிப்பார்கள். அதற்குத்தான் லூப் பெடல் வாங்கினேன். காலால் ஒரு தடவை மிதித்தால் மைக்கில் பாடுவதைப் பிடிக்கும். மறுபடி மிதித்தால் பிடித்ததைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருக்கும். அதன் மேலே இன்னொரு குரல், அதன் மேலே இன்னொன்று. முதலில் வாயை மூடிக்கொண்டு தாழ்ந்த முனகல். பிறகு அதற்கு மேலே இன்னொரு முனகல். பிறகு வாயைப் பாதி திறந்து ‘ஊ’ என்று, எங்கே தொடங்கியது என்று தெரியாதபடி மெல்ல ஏற்றி மெல்ல இறக்கி, புகை மாதிரி விரிகிற சத்தம். நாலைந்து சுற்றில் ஒரு ஆள் ஒரு கூட்டமாகிவிடுவான். அந்தக் கூட்டத்தின் மேலேதான் பாட்டு தொடங்கும்.

பெண் ஒரு மொண்டிசூரியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள். வேறொரு கல்யாணத்தில் நான் பாடக் கேட்டிருக்கிறாள். அதில் வாத்தியமே இல்லை, முழுக்க என் குரல்தான் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். தான் மேடைக்கு நடந்து வரும்போது அந்த முன்சத்தம் வேண்டும் என்று வீட்டில் கேட்டாள். ஹாஜியார் முடியாது என்றார். “வாப்பா, அது முழுக்க ஒரு மனுசன்ட தொண்டை. நான் பொறுப்பு” என்று சொல்லி, இரண்டு கிழமை கதைத்துத்தான் அவரை வழிக்குக் கொண்டுவந்தாள். தன் சம்பளத்திலிருந்து அட்வான்சும் தந்தாள். கேட்டுப் பார்த்துத்தான் முடிவு சொல்வேன் என்றார் ஹாஜியார். அதற்காகத்தான் அன்று போனோம்.

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். சுருதி இறங்கிவிடுமோ என்ற பயம் எல்லாவற்றையும் விடப் பெரியது. முதல் முனகல் ஒரு மயிரளவு இறங்கினால் மேலே வருகிற குரல்கள் அதோடு சேராமல் நடுங்கும். அடித்தளம் கோணலானால் சுவர் முழுக்கக் கோணல். அன்று காலை அந்தப் பயத்தில் மச்சானுடைய ஓகன் கீபோர்டை வயர் போட்டுப் பெடலுக்குள் விட்டேன். வயலின் மாதிரி இழுக்கிற ஒரு சத்தத்தை மெல்லிதாகப் பிடித்து, அதன் மேலே என் முனகலை வைத்து, சேமித்தேன். முனகலுக்குள் அது ஒளிந்துவிட்டது. மச்சான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“டேய், அவங்க வாத்தியம் வேணாமெண்டுதானே உன்னக் கூப்பிட்டாங்க?”

“சுருதிக்கு மட்டும்டா. ஒருத்தருக்கும் விளங்காது.”

“நல்லா இரு” என்றான்.

ஹோலில் மைக்கைப் பிடித்து, பெடலை மிதித்து, அப்போதுதான் தொடங்குகிறவன் மாதிரி முனகினேன். உள்ளே இருந்தது ஓடத் தொடங்கியது. அடுத்த மிதியில் மேலே பதியவிட்டு, நிறுத்தாமல் மூன்று சுற்றுப் பாடினேன். முனகல், அதற்கு மேலே முனகல், பிறகு ‘ஊ’. அறை நிறைந்தது. பெண்ணின் உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

“மாஷா அல்லாஹ்” என்றார் ஹாஜியார். “ஒரு தொண்டையிலயா இவ்வளவும்?”

“ஓம் ஹாஜியார்” என்றேன்.

அந்த ‘ஓம்’ இன்றைக்கும் என் காதில் விழுகிறது.

அவருடைய தம்பிக்கு எதையும் கழற்றிப் பார்க்காமல் ஆறாது. “தம்பி, இப்ப கடைசியாப் போட்ட சத்தத்தை மட்டும் எடுத்துக் காட்டுங்க பாப்பம். மிசினை விளங்க வேணுமே.”

மறுத்திருக்கலாம். மறுத்தால் சந்தேகப்படுவார்களோ என்று அதற்கும் பயந்தேன். பெடலை அழுத்திப் பிடித்தால் கடைசியாகப் பதிந்த அடுக்கு போகும். ஆனால் இடையில் நிறுத்தாமல் பாடியதெல்லாம் பெடலின் கணக்கில் ஒரே அடுக்கு. அது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நேரம் பார்த்து மறந்துபோனது. அழுத்தினேன். மூன்று குரலும் ஒன்றாகப் போய், அடியில் இருந்தது தனியாக நின்றது. மேலே மூடுவதற்கு எதுவும் இல்லாததால் முனகலை விட அந்த இழுவைதான் தெளிவாகக் கேட்டது.

“இது ஓகன் இல்லையா?” என்றார் தம்பிக்காரர். கோபமாகக்கூட இல்லை. எஞ்சினில் பழுதைக் கண்டுபிடித்த குரல்.

நான் இரண்டு தடவை மிதித்து நிறுத்தினேன். பெண் என்னைப் பார்த்தாள். “நாநா, நீங்க என்னட்ட என்ன சொன்னீங்க?”

சுருதி, பயம், அது இது என்று ஏதோ உளறினேன். ஹாஜியார் கையை உயர்த்தினார். “இப்ப அதில ஒண்டும் இல்லாமப் பாடுங்க.”

பெடலில் எதுவும் சேமிக்காத வெற்று இலக்கத்துக்கு மாற்றினேன். தாழ்ந்த முனகலைப் பிடித்து, முடிகிற இடத்தில் மூச்சு வெட்டுப்படாமல் கொஞ்சம் கூடுதலாக இழுத்து, மிதித்தேன். மேலே அடுத்தது. மேலே ‘ஊ’. ஒரு இடத்தில் லேசாகச் சேராமல் நடுங்கியது, எனக்கு மட்டும் கேட்டிருக்கும். மற்றபடி சரியாக வந்தது. காலையில் செய்ததைவிட நன்றாக வந்தது என்று மச்சான் பிறகு சொன்னான். அதைக் கேட்டபோதுதான் இன்னும் வெட்கமாகப் போனது. பிழையாகப் போயிருந்தால் எனக்குச் சொல்ல ஒரு காரணமாவது இருந்திருக்கும்.

“ஏலும்தானே” என்றார் ஹாஜியார். “ஏலுமெண்டா ஏன் மகன்?”

நான் குனிந்து பெடலின் வயரைக் கழற்றினேன்.

“சத்தம் நல்லாத்தான் ஈக்கி. ஆனா அண்டைக்கு மேடைல எது தொண்டை, எது ஓகன் எண்டு நான் பாத்துக்கொண்டு நிக்க ஏலாது. என்ட புள்ளட கல்யாணம்.” பிறகு மகள் பக்கம் திரும்பி, “நீதானே பொறுப்பெண்ட?” என்றார்.

அவள் தலையைக் குனிந்தாள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வாப்பாவிடம் அவளுக்கு ஒரு சொல்லும் இல்லாமல் செய்துவிட்டேனே என்பதுதான் தாங்கவில்லை. வயரைச் சுருட்டும்போது கை வழுக்கி மைக் விழுந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெண்ணின் உம்மா மட்டும், “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்றார். குடித்தோம். அதைக் குடித்து முடிக்கிறவரைக்கும் கல்யாணப் பெண் அந்த இடத்திலேயே நின்றாள்.

கல்யாணம் பாட்டில்லாமல் நடந்தது. அவள் வெறும் மண்டபத்தில், ஆட்களின் கதைச் சத்தத்துக்குள் நடந்து வந்தாள் என்று மச்சான் சொன்னான். ஸ்பீக்கர் அவனுடையதுதான், அறிவித்தலுக்கு மட்டும் போட்டார்கள்.

அட்வான்சை அவள் திருப்பிக் கேட்கவில்லை. நான்தான் மச்சான் மூலம் கொடுத்தனுப்பினேன். இருபதாயிரம் வாங்கியிருந்தேன், கையில் ஏழாயிரம்தான் மிஞ்சியிருந்தது. மீதி ஒரு மைக்குக்கும் வீட்டுச் செலவுக்கும் போயிருந்தது. பிறகு ஒரு மாதம் இரண்டாயிரம் அனுப்பினேன். அவள் எண்ணிப் பார்க்காமல் வாங்கி வைத்தாளாம். இன்னும் பதினோராயிரம் ரூபாய் கொடுக்கக் கிடக்கிறது.