மாஸ்டரின் பதினொரு வியாழக்கிழமைகள்

அந்த டிரைவிங் ஸ்கூலில் அவளை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு முன்பு அந்த காரில் சொல்லிக்கொடுத்தவர் ஆண். அவர் விட்டுப்போன பட்டம் சீட்டோடு சேர்ந்து இவளிடம் வந்தது. வயது முப்பத்தொன்பது. பதினாலு வருடமாக இடதுபக்க சீட்டில் உட்கார்ந்து, காலடியில் தனக்கென்று வைத்திருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்துப் பலருடைய உயிரைக் காப்பாற்றியிருக்கிறாள். அதற்குக் கிடைத்த நன்றியெல்லாம், "ஏன் மாஸ்டர் மிதிச்சீங்க, நானே நிறுத்தியிருப்பேனே" என்பதுதான்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை. சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கி, இரண்டாவது பிரேக் பொருத்தி, பெண்களுக்கு மட்டும் சொல்லித்தர வேண்டும். நாலு வருடத்தில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் சேர்த்திருந்தாள். கணவன் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவன். அந்தப் பணத்தின் பக்கம் அவன் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

லாரி, வேன் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் வேன் அண்ணன்தான் முதலில் போனைக் காட்டினார். ஷெட்டில் டீ குடித்துக்கொண்டிருந்த நேரம்.

"பாரு மாஸ்டர். காலையில அறுநூறு போட்டேன். இப்ப ரெண்டாயிரத்து அம்பது."

"ஷேரா?"

"ஷேர் இல்ல, ஆப்ஷன். மார்க்கெட் இன்டெக்ஸ் சாயங்காலத்துக்குள்ள இந்த நம்பரத் தாண்டும்னு ஒரு டிக்கெட் வாங்குற மாதிரி. தாண்டினா, தாண்டின அளவுக்குக் காசு. தாண்டலைன்னா டிக்கெட் செல்லாது. வியாழக்கிழமை மூன்றரைக்கு அந்த வாரத்து டிக்கெட் எல்லாம் முடிஞ்சிடும். முடியுற அன்னிக்கு வாங்கினா கொள்ளை மலிவு."

அவர் வாங்கிய நம்பர், அப்போது இன்டெக்ஸ் நின்ற இடத்திலிருந்து நூறு புள்ளி மேலே. ஒன்றின் விலை பன்னிரண்டு. ஐம்பது சேர்ந்தது ஒரு லாட். மதியத்துக்குமேல் இன்டெக்ஸ் நூற்றிருபது புள்ளி ஏற, பன்னிரண்டு நாற்பத்தொன்றானது, விற்றுவிட்டார். மூன்று மணி நேரம். போனால் அறுநூறுதான், அதற்குமேல் ஒரு பைசா போகாது என்று அவர் சொன்னது அவளுக்குப் பிடித்தது. ஷேர் வாங்கினால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும், கையில் பெரிய தொகையும் வேண்டும். இதற்கு அறுநூறு போதும், பதில் இன்றைக்கே தெரிந்துவிடும்.

முதல் வியாழக்கிழமை அவளுக்கும் ஆயிரத்து நூறு கிடைத்தது. இரண்டு நாள் கிளட்ச் வாசனையில் உட்கார்ந்து சம்பாதிப்பதை, மாணவன் ஒருவன் ரிவர்ஸ் எடுத்து முடிப்பதற்குள் சம்பாதித்துவிட்டாள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் கார் சந்தையின் வெளிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

மூன்றாவது வியாழக்கிழமைதான் புரியாத ஒன்று நடந்தது. ஏறும் என்று நினைத்தாள், ஏறியது. அறுபது புள்ளி ஏறியும் அவள் பன்னிரண்டுக்கு வாங்கியது ஆறாகக் குறைந்தது.

"அண்ணே, நான் சொன்ன மாதிரிதானே ஏறுது? விலை ஏன் இறங்குது?"

"இன்னும் நாப்பது புள்ளி பாக்கி இருக்குல்ல? நேரமும் போய்க்கிட்டே இருக்கு. நீ காசு கொடுத்தது நேரத்துக்கும் சேத்துத்தான் மாஸ்டர். மத்த நாள்ல அது மெதுவாக் கரையும். முடியுற அன்னிக்கு வெயில்ல வச்ச ஐஸ்."

மலிவாகிவிட்டதே என்று ஆறில் இரண்டு லாட் வாங்கினாள். அது இரண்டானதும் நாலு லாட். மூன்றரைக்கு எல்லாம் சேர்ந்து பூஜ்யம். அறுநூறுக்குமேல் போகாது என்று ஆரம்பித்த நாளில் ஆயிரத்து அறுநூறு போயிருந்தது. ஒவ்வொரு டிக்கெட்டிலும் போவதற்கு ஓர் எல்லை இருந்தது உண்மைதான். எத்தனை டிக்கெட் வாங்கலாம் என்பதற்குத்தான் எல்லையே இல்லை.

விட்டதைப் பிடிக்க வேண்டுமென்றால் லாட்டைக் கூட்ட வேண்டும். கூட்டினாள். நடுவில் ஒரு வியாழக்கிழமை இருபத்திரண்டாயிரம் கிடைத்தது. அந்த ஒரு நாள்தான் அவளைக் கெடுத்தது. அதற்குப் பிறகு போனதெல்லாம் தன் அவசரத்தால் போனது, வழி சரிதான் என்று நம்பிக்கொண்டாள். ஒரே நாளில் இருபது இருபத்தைந்து முறை வாங்கி விற்றாள். ஒவ்வொரு முறையும் புரோக்கர் தன் கூலியை எடுத்துக்கொண்டான். அவனுக்கு மட்டும் எல்லா வியாழனும் நல்ல வியாழன்.

பதினோராவது வியாழக்கிழமை கணக்கில் தொண்ணூற்று நாலாயிரத்து ஐந்நூறு மிச்சம் இருந்தது. காலை பத்து மணிக்கு, இன்டெக்ஸ் நின்ற இடத்திலேயே ஏற்றத்துக்குப் பத்து லாட் வாங்கினாள். விலை அறுபது, மொத்தம் முப்பதாயிரம். பதினோரு நிமிடத்தில் இன்டெக்ஸ் சறுக்கியது, அறுபது இருபத்தைந்தானது. விற்றாள். பதினேழாயிரத்து ஐந்நூறு அவுட். உடனே இறக்கத்துக்கு, அதாவது இன்டெக்ஸ் இறங்கினால் காசு தரும் டிக்கெட், எட்டு லாட் வாங்கினாள், நாற்பத்தைந்து விலையில். அவள் வாங்குவதற்காகவே காத்திருந்ததுபோல மார்க்கெட் திரும்பி ஏறியது. இருபதுக்கு விற்றாள். இன்னொரு பத்தாயிரம். மதியம் இரண்டு மணிக்கு, இதற்குமேல் இறங்கும் என்று வழக்கம்போல நம்பி, இறக்கத்துக்கு மிக மலிவான எட்டு ரூபாய் டிக்கெட் அறுபது லாட். இருபத்து நாலாயிரம். இந்த டிக்கெட்டின் விலை ஏறினால் போதும், எல்லாம் திரும்பிவிடும்.

இரண்டரை மணி வகுப்பு நர்சம்மாவுக்கு. ஐம்பத்து மூன்று வயது, ஆஸ்பத்திரியில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறவர். கார் ஓட்டக் கற்பதில் அது அவருக்கு எட்டாவது நாள். ஸ்டியரிங்கை நோயாளியின் கையைப் பிடிப்பதுபோல மென்மையாகப் பிடிப்பார். மாஸ்டர் போனைத் தொடைமேல் வைத்திருந்தாள். எட்டு ஏழானது. ஆறு. ஐந்து.

"மாஸ்டர், இங்க திரும்பவா?"

"ம், திரும்புங்க."

தலையைத் தூக்காமல் சொன்ன பதில். கார் சந்திலிருந்து பெரிய ரோட்டில் திரும்பியது. நர்சம்மா "ஐயோ" என்று கத்திய பிறகுதான் மாஸ்டர் நிமிர்ந்தாள். முன்னால் ஒரு சைக்கிள். பதினாலு வருடப் பழக்கத்தில் கால் தானாகப் போய் மிதித்தது. மிதித்தாலும் தாமதம். பம்பர் பின்சக்கரத்தில் இடித்து, சைக்கிள்காரர் நடைபாதையில் கையை ஊன்றி விழுந்தார். பையிலிருந்த தக்காளி ரோடெங்கும் ஓடியது.

உள்ளங்கையில் சிராய்ப்பு, வேறு ஒன்றுமில்லை. நர்சம்மா இறங்கிப் போய்த் தன் கைப்பையிலிருந்தே பஞ்சும் மருந்தும் எடுத்துத் துடைத்துவிட்டார். சைக்கிள்காரர் வாய்க்கு வந்தபடி திட்டினார்.

"என் தப்புதான் மாஸ்டர்," என்றார் நர்சம்மா. "நான் சரியாப் பாக்கல. எனக்கு இதெல்லாம் வராது போல."

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கற்றுக்கொள்கிறவர் செய்த தவறு என்று விஷயம் முடிந்துவிடும். யாரும் கேட்கமாட்டார்கள். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்ததை அவள் பிறகு கணவனிடம் சொன்னாள். பணம் போனதைவிட அதைச் சொல்வதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"இல்லம்மா. நீங்க கேட்டுட்டுத்தான் திரும்பினீங்க. நான்தான் ரோட்டப் பாக்கல, போனப் பாத்துட்டிருந்தேன்," என்றாள். சைக்கிள்காரரிடமும் அதையே சொல்லி, சக்கரத்துக்கும் தக்காளிக்கும் பணம் கொடுத்தாள்.

போனில் அப்போது ஐந்து ரூபாய். விற்றால் பதினைந்தாயிரம் திரும்பியிருக்கும். அவள் போனை அணைத்து டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

"ஸ்டார்ட் பண்ணுங்க நர்சம்மா. அதே திருப்பம், இன்னொரு தடவை."

அதே திருப்பத்தை ஆறு தடவை எடுக்கவைத்தாள். மூன்றரை மணிக்கு அறுபது லாட்டும் பூஜ்யமானபோது நர்சம்மா கண்ணாடி பார்த்து, கை காட்டி, அழகாகத் திரும்பிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை சமையலறை மேஜையில் உட்கார்ந்து எல்லா வியாழக்கிழமையையும் எழுதினாள். நாலு நாள் லாபம், முப்பத்தெட்டாயிரம். ஏழு நாள் நஷ்டம், ஒரு லட்சத்து அறுபத்தாறாயிரம். கூலியும் வரியும் ஒன்பதாயிரம். மிச்சம் நாற்பத்து மூன்றாயிரம். கணவன் வேலையிலிருந்து வந்ததும் காகிதத்தை அவன்முன் நகர்த்தினாள்.

அவன் படித்தான். இன்னொரு தடவை படித்தான்.

"நாலு வருஷம் சேத்தது."

"ஆமா."

"பதினோரு வாரத்துல."

"பதினோரு வாரம்கூட இல்ல. வாரத்துல ஒரு நாள்தான்."

அவன் எழுந்து வெளியே போய்விட்டான். நாலாவது நாள் சாப்பிடும்போது, "மிச்சம் இருக்கிறதையும் அங்கதான் வச்சிருக்கியா?" என்று மட்டும் கேட்டான்.

அவள் ஏற்கெனவே புரோக்கருக்குப் போன் செய்திருந்தாள். ஆப்ஷனை மட்டும் நிறுத்த முடியுமா என்று கேட்டதற்கு மறுமுனையில் இருந்த பெண், "நிறுத்திடலாம் மேடம். வேணும்னா ஆப்லயே நீங்க திரும்ப ஆன் பண்ணிக்கலாம்" என்றாள், ஆறுதலாக.

"நான் திரும்ப ஆன் பண்ண முடியாத மாதிரி வேணும்."

"அப்படின்னா கணக்கையே மூடணும் மேடம்."

"மூடுங்க. பணத்த பேங்குக்கு அனுப்பிடுங்க."

மூடிய பிறகும் வியாழக்கிழமைகள் வந்தன. காலை பத்து மணி ஆனால் விரல் தானாகப் போனைத் தேடும். வியாழன் முழுக்க இடைவெளி இல்லாமல் வகுப்பு போடச் சொல்லி முதலாளியிடம் கேட்டுக்கொண்டாள். போன் ஷெட் அலமாரியில் கிடந்தது.

ஐந்தாவது வாரம் வேன் அண்ணன் காருக்குப் பக்கத்தில் ஓடிவந்தார்.

"மாஸ்டர்! நீ எப்பவும் சொல்லுவியே, ரெண்டு மணிக்குமேல இறங்கும்னு? இறங்கிடுச்சு. எட்டு மடங்கு! நீ மட்டும் உள்ள இருந்திருந்தா..."

எட்டு மடங்கு என்றால் எவ்வளவு என்று அவள் மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. போடவிடாமல் கேட்டாள்.

"நீங்க உள்ள இருந்தீங்களா அண்ணே?"

"காலையிலேயே ஏற்றத்துக்கு வாங்கிட்டேன். அது போச்சு."

"இதுவரைக்கும் எவ்வளவு போச்சு?"

இத்தனை நாளில் அவர் காட்டியதெல்லாம் லாபப் படம்தான். அவர் தலையைச் சொறிந்தார். "எழுதிப் பாக்கல."

"எழுதிப் பாருங்க" என்றாள். உள்ளே ஒரு கல்லூரிப் பெண் இரண்டு கம்புகளுக்கு நடுவே காரை நிறுத்தத் திணறிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் கதவைச் சாத்திக்கொண்டு, "பின்னால கண்ணாடிய மட்டும் பாரு, என் மூஞ்சியப் பாக்காத" என்றாள்.

மாதக் கடைசியில் வேன் அண்ணன் நாலாக மடித்த ஒரு தாளைக் காட்டினார். அதில் இருந்த தொகையை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கே அவரும் கணக்கை மூடினார் என்பது மட்டும் தெரியும்.

நர்சம்மா முதல் டெஸ்டிலேயே தேறினார். மாஸ்டரின் கார் இன்னும் வரவில்லை. மிச்சத்தோடு மறுபடி சேர்த்ததில் எழுபத்தோராயிரம் ஆகியிருக்கிறது. இந்த வேகத்தில் இன்னும் இரண்டரை வருடம் என்று கணவன் சொல்கிறான். அவள் அவ்வளவு காத்திருக்கப்போவதில்லை. லாரி சொல்லிக்கொடுக்கிறவர்களுக்குச் சம்பளம் ஒன்றரை மடங்கு. அந்த லைசென்ஸுக்கு விண்ணப்பித்து, விடிந்ததும் விடியாததுமாக மைதானத்தில் வேன் அண்ணனிடம் கற்றுக்கொள்கிறாள். பீஸ் வேண்டாம் என்றார் அவர். இவள் விடவில்லை, வாராவாரம் பீஸைக் கையில் திணித்தாள்.

நேற்று முதல்முறையாக லோடு ஏற்றிய லாரியை மேட்டில் நிறுத்தி எடுத்தாள். வண்டி ஒரு அடி பின்னால் போனது. வேன் அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டர், நான் இறங்கி நின்னுக்கவா?"

"உக்காருங்க அண்ணே, ஏத்திடுவேன்" என்று சொல்லி, பல்லைக் கடித்து, கிளட்சை மெல்ல விட்டாள்.